நீண்ட இடைவெளிக்குப் பிறகு குரூப் 4-க்குப் படிக்க உட்காருகிறவர்களுக்கு

ஞாயிறு படிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கணும்?" என்பதைத்தான். வேலைக்குப் போகிறவருக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

நான் பிளஸ் டூ முடித்துப் பதினாறு வருஷம் கழித்து, ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன். முதல் மூன்று மாதம் சமச்சீர் புத்தகங்களை வரிக்கு வரி காப்பி பண்ணினேன். இரண்டு லாங் சைஸ் நோட்டு தீர்ந்தது. மஞ்சள், பச்சை ஹைலைட்டர் செலவு வேறு. பிறகு ஒரு பழைய வினாத்தாளை எடுத்துப் பார்த்தால், பல கேள்விகளுக்கு அது நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது வரை ஞாபகம் வந்தது. விடைதான் வரவில்லை. கை எழுதியிருந்ததே தவிர மண்டைக்குள் எதுவும் ஏறவில்லை.

இப்போது செய்வது இதுதான். பாடத்தில் இரண்டு பக்கம் படிக்கிறேன், புத்தகத்தை மூடுகிறேன், நினைவில் இருப்பதை மட்டும் எழுதுகிறேன். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், நாலு வரிக்கு மேல் வராது. பரவாயில்லை. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு மையில் சேருங்கள். நோட்டில் வேறு மை எங்கெல்லாம் இருக்கிறதோ அதுதான் மறுபடி பார்க்க வேண்டிய இடம்.

பக்கத்தின் இடது ஓரம் மூன்று விரல் அகலத்துக்குக் கோடு போட்டு, அங்கே தலைப்புக்குப் பதில் கேள்வி எழுதுங்கள். வேலூர் புரட்சிக்கு நான் எழுதிய பக்கம் இது:

எந்த நாள்? – 1806 ஜூலை 10.
சிப்பாய்களுக்கு ஏன் கோபம்? – புதிய தலைப்பாகையில் தோல் குஞ்சம். சாதி, மத அடையாளங்களுக்குத் தடை.
கோட்டைக்குள் யார் இருந்தார்கள்? – திப்புவின் மகன்கள். ஃபதே ஹைதரை மன்னராக அறிவித்தார்கள்.
ஆற்காட்டிலிருந்து படையோடு வந்தவர்? – கில்லஸ்பி.
பதவி போன கவர்னர்? – வில்லியம் பென்டிங்.

வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டால் அதுவே ஒரு சின்ன டெஸ்ட். மறதியைப் பற்றி எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்மேலேயே சோதனை செய்து 1885-லேயே எழுதிவிட்டார்: படித்ததில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாளிலேயே கழன்றுவிடும். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் நான்கு தேதி எழுதி வைக்கிறேன்: மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள். பார்த்து முடித்ததும் டிக்.

என் நாள் இப்படி ஓடுகிறது. காலை 5:15 முதல் 6 வரை புதுப் பாடம். பால்காரர் வருவதற்குள் முடித்துவிடுவேன். பஸ்ஸில் இருபது நிமிஷம் புதிதாக எதுவும் படிப்பதில்லை, இடது ஓரக் கேள்விகள் மட்டும். இரவு சாப்பிட்ட பிறகு பத்தே பத்து கணக்கு. களைத்துப்போன நேரத்தில் வரலாறு படித்தால் கண் சொருகும், பென்சில் கையில் இருந்தால் சொருகாது. ஷிப்ட் மாறுகிறவர்கள் கடிகாரத்தை நம்ப வேண்டாம். "எழுந்ததும் நாற்பது நிமிஷம்" என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம், காய்ச்சல், பிள்ளைக்குப் பரீட்சை என்று ஒரு நாள் போனால் போகட்டும். மறுநாள் இரட்டிப்பாகப் படித்து ஈடுகட்டப் பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் பாதியில் நின்றுபோனார்கள்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது? வினாத்தாளே சொல்கிறது: தமிழ் 100 கேள்வி, பொது அறிவு 75, திறனறிவு 25, கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். தமிழில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே பாதி நேரம் தமிழுக்கு. "வீட்டில் பேசுற பாஷைதானே" என்று விட்டவர்களை இலக்கணம் கவிழ்த்திருக்கிறது.

தப்பான விடைகளுக்குத் தனியாக ஒரு சின்ன நோட்டு வையுங்கள். சரியான விடையை மட்டும் எழுதாமல், ஏன் தப்பானது என்றும் ஒரு வரி எழுதுங்கள். என் நோட்டில் ஒன்று: "விலை 20% கூடி 20% குறைந்தால் பழைய விலை என்று நினைத்தேன். 100, 120 ஆகி, 96-க்கு வருகிறது. இரண்டாவது 20% என்பது 120-இல்." இந்த வகைக் கணக்கை அதற்குப் பிறகு நான் தவறவிட்டதில்லை.

வரும் ஞாயிறு 9:30 முதல் 12:30 வரை முழு டெஸ்ட், 200 கேள்வி. மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பல வருஷம் ஆகியிருக்கும், முதுகுக்கும் பயிற்சி வேண்டும். 9:15-க்கே வந்துவிடுங்கள். கறுப்பு பால் பாயின்ட் பேனாவும் தப்பு நோட்டும் போதும். ஹைலைட்டரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.