செய்திக் குறிப்பு: சனிக்கோளின் வளையத்தைத் தொலைநோக்கியில் பார்க்கலாம், அக்டோபர் 4 ஞாயிறு மாலை, அனுமதி இலவசம்

நாள்: 24.09.2026
வெளியிடுவோர்: கிளை நூலக வாசகர் வட்டம், அரசு மேல்நிலைப் பள்ளி அறிவியல் மன்றம்
பெறுநர்: செய்தி ஆசிரியர்கள், பகுதி நேர நிருபர்கள்

வரும் அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை மாலை 6.30 மணி முதல் இரவு 9.30 மணி வரை, அரசு மேல்நிலைப் பள்ளி விளையாட்டுத் திடலில் பொதுமக்களுக்கான வான்நோக்கு நிகழ்ச்சி நடக்கிறது. கிளை நூலக வாசகர் வட்டமும் பள்ளியின் அறிவியல் மன்றமும் சேர்ந்து நடத்துகின்றன. கட்டணம் இல்லை, முன்பதிவும் தேவையில்லை.

இந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அன்று சூரியனுக்கு நேரெதிர்த் திசையில் சனிக்கோள் இருக்கும், நடுவில் நாம். அதனால் சூரியன் மேற்கே மறையும் வேளையில் அது கிழக்கே உதித்து, இரவு முழுக்க வானில் நிற்கும். ஆண்டில் சனி நமக்கு மிக அருகில் வருவதும், மிகப் பிரகாசமாகத் தெரிவதும் இந்த நாட்களில்தான். நிலவும் நள்ளிரவை ஒட்டித்தான் எழும் என்பதால், மாலை வானம் நன்றாக இருட்டியிருக்கும். உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் 1957-இல் ஏவப்பட்டதும் இதே அக்டோபர் 4-ஆம் தேதிதான். அந்த நாளில் உலக விண்வெளி வாரமும் தொடங்குகிறது.

2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு மட்டுமே பூமியை நோக்கியிருந்ததால், அந்த நாட்களில் அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்துபோனது. இப்போது மெல்லத் திறந்துவருகிறது. தொலைநோக்கியில் பார்க்கும்போது புத்தகப் படங்களில் உள்ளதுபோலப் பெரிதாகவோ வண்ணமாகவோ இருக்காது, சிறிதாகத்தான் தெரியும். ஆனால் வளையம் தனியாகத் தெரியும். அதன் பெரிய துணைக்கோளான டைட்டனும் பக்கத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும். நாம் காணும் அந்த ஒளி சனியிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பயணம் செய்து நம் கண்ணுக்கு வருகிறது. ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டிய காட்சி இது.

சனி என்றதும் சிலருக்கு, குறிப்பாக வீட்டுப் பெரியவர்களுக்கு, ஒரு தயக்கம் வருவது இயல்பு. "அதைப் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: தாராளமாகப் பார்க்கலாம். அது நம்மிடமிருந்து 100 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் சுற்றுகிற ஒரு கோள். வளையம் பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகள். பார்ப்பதால் கண்ணுக்கும் கேடில்லை, வேறு எதற்கும் கேடில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடாமல் தாத்தா பாட்டிகளும் வரவேண்டும் என்பதே எங்கள் ஆசை.

6.30 மணிக்குப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் அரை மணி நேரம் எளிமையாக அறிமுகம் தருவார். 7 மணியிலிருந்து மூன்று தொலைநோக்கிகள் வழியாகப் பார்க்கலாம். சனி சற்று மேலே ஏறும்வரை, உச்சி வானில் இருக்கும் திருவோண நட்சத்திரம், பொன்னிறமும் நீலமுமாகத் தெரியும் அல்பிரியோ என்ற இரட்டை விண்மீன் ஆகியவற்றைக் காட்டுவோம். 8 மணிக்கு மேல் முழுக்கச் சனிதான். சக்கர நாற்காலியில் வருவோரும் நீண்ட நேரம் நிற்க முடியாதவர்களும் வரிசையில் காத்திருக்க வேண்டாம். உட்கார்ந்தபடியே பார்க்கத் தாழ்வான தாங்கியில் ஒரு தொலைநோக்கி தனியாக இருக்கும்.

வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது ஆகும். ஒரே ஒரு செல்போன் விளக்கு எரிந்தால் சுற்றியிருக்கும் அத்தனை பேரின் கண்ணும் பழையபடி ஆகிவிடும். ஆகவே திடலுக்குள் விளக்கு, ஃபிளாஷ் எதுவும் போட வேண்டாம். திடலின் மின்விளக்குகள் 7 மணிக்கு அணைக்கப்படும். வழிகாட்டச் சிவப்புத் தாள் சுற்றிய கைவிளக்குடன் மாணவத் தொண்டர்கள் நிற்பார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுடன் பெரியவர் ஒருவர் வரவேண்டும்.

மேகம் மூடினாலோ மழை பெய்தாலோ நிகழ்ச்சி அடுத்த ஞாயிறு, அக்டோபர் 11-ஆம் தேதி, இதே இடத்தில் இதே நேரத்தில் நடக்கும். தேதி மாறினால் அன்று மாலை 5 மணிக்குள் நூலக அறிவிப்புப் பலகையிலும் பள்ளி வாசலிலும் எழுதி வைப்போம்.

செய்தியாளர்களும் புகைப்படக்காரர்களும் 6 மணிக்கே வந்தால் வெளிச்சத்தில் தொலைநோக்கிகளைப் படம் எடுத்துக்கொள்ளலாம், ஒருங்கிணைப்பாளர்களிடம் பேசலாம். பள்ளியின் தெற்கு வாசல் வழியாக வரவும். வண்டி நிறுத்தும் இடமும் அங்கேயே. மேலும் விவரம் வேண்டுவோர் நூலக வேலை நேரத்தில் கிளை நூலகரை நேரில் சந்திக்கலாம். அக்டோபர் 4-க்கு முன்பாக இச்செய்தியை வெளியிட்டு உதவுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர், கிளை நூலக வாசகர் வட்டம்
பொறுப்பாசிரியர், அறிவியல் மன்றம், அரசு மேல்நிலைப் பள்ளி