நன்கொடை நிதிப் பயன்பாட்டு அறிக்கை: 2024 ஏப்ரல் – 2025 மார்ச்

குளச்சல் கிளை (தொகை ரூபாயில்)

| நன்கொடையாளர் | செலவினத் தலைப்பு | ஒதுக்கீடு | செலவு | இருப்பு | செலவு % |
|---|---|---|---|---|---|
| நாகர்கோவில் ஜவுளிக்கடை | மாலை வகுப்பு ஆசிரியர் ஊதியம் | 2,40,000 | 2,28,000 | 12,000 | 95 |
| " | சிற்றுண்டி | 80,000 | 84,000 | −4,000 | 105 |
| வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் | வலை பழுதுபார்ப்புப் பயிற்சி | 1,50,000 | 60,000 | 90,000 | 40 |
| ஜெர்மன் அறக்கட்டளை | மருத்துவ முகாம் | 3,00,000 | 2,70,000 | 30,000 | 90 |
| மொத்தம் | | 7,70,000 | 6,42,000 | 1,28,000 | 83.4 |

வலைப் பயிற்சியின் 40 சதவீதத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். பணம் செப்டம்பரில்தான் வந்தது. அப்போது எல்லோரும் கடலில். மேற்குக் கரைத் தடைக்காலமான ஜூன், ஜூலையில்தான் ஆட்கள் கரையில் இருப்பார்கள். அதனால் மீதி 90,000 அடுத்த ஆண்டுக்குப் போகிறது. நன்கொடையாளர்கள் எழுத்தில் சம்மதித்துவிட்டார்கள்.

ஓண நேரத்தில் ஏத்தன்பழ விலை ஏறியதால் சிற்றுண்டியில் கூடுதல். அந்த 4,000 ஊதியத் தலைப்பின் மீதியிலிருந்து ஈடாகும், கடைக்காரர் அனுமதித்தால். ஜெர்மன் பணம் வெளிநாட்டு நிதிக்கான தனிக் கணக்கில் இருக்கிறது. அதை இதற்குத் தொடவில்லை.

பொருளாளர்