பணி விலகல் கடிதம்

நாள்: 3 நவம்பர் 2025

அனுப்புநர்:
உள்ளடக்க எழுத்தாளர்,
நிறுவன வலைப்பதிவுப் பிரிவு.

பெறுநர்:
தலைமை ஆசிரியர் அவர்கள்,
உள்ளடக்கத் துறை.

நகல்: மேலாளர், மனிதவளத் துறை.

பொருள்: உள்ளடக்க எழுத்தாளர் பணியிலிருந்து விலகுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். நமது கணக்கியல் மென்பொருளுக்கான வலைப்பதிவில் நான் வகித்துவரும் உள்ளடக்க எழுத்தாளர் பணியிலிருந்து விலகிக்கொள்ள விரும்புகிறேன் என்பதை இக்கடிதத்தின் வழியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். பணி நியமன ஆணையில் குறிப்பிட்டுள்ள 30 நாள் முன்னறிவிப்புக் காலம் இன்று தொடங்குவதாகக் கொண்டு, 3 டிசம்பர் 2025 அன்று அலுவலக நேரம் முடியும்போது என்னைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இனி முழுநேரமாகச் சுயாதீன எழுத்தாளராகப் பணியாற்ற இருக்கிறேன். ஊதியத்திலோ, மேலிருப்பவர்கள் நடத்திய விதத்திலோ, உடன் பணியாற்றியவர்களிடத்திலோ எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. விலகல் கடிதங்களில் வழக்கமாக எழுதப்படும் வரி என்று இதைக் கடந்துவிட வேண்டாம். ஒரே பொருளைப் பற்றி ஒரே வகை வாசகருக்குத் தொடர்ந்து எழுதும்போது கை பழகிவிடுகிறது. அந்தப் பழக்கம் நிறுவனத்துக்கு நல்லதுதான்; ஆனால் எழுதுகிறவருக்கு ஒரு கட்டத்துக்கு மேல் அது போதுமானதாக இருப்பதில்லை. கணக்கியலுக்கு வெளியேயுள்ள துறைகளையும் கற்றுக்கொண்டு, வாரக் கணக்கில் தகவல் திரட்டி எழுத வேண்டிய நீண்ட கட்டுரைகளை எழுத விரும்புகிறேன். மாதாந்தர வெளியீட்டு அட்டவணைக்குள் அதற்கு இடம் கேட்பது நியாயமாகாது என்பதால்தான் இந்த முடிவுக்கு வந்தேன். மாதச் சம்பளத்தின் உறுதியை விட்டு, வேலை வந்தால்தான் வருமானம் என்ற நிலைக்குப் போவதன் கடினத்தையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். பணியில் இருக்கும் காலத்தில் வெளி வேலை எதையும் நான் ஏற்கவில்லை. ஏற்கப்போகும் முதல் வேலையும் விடுவிப்பு நாளுக்குப் பிறகே தொடங்குகிறது.

இங்கே கற்றதில் ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. கடன் விற்பனை பற்றிய கட்டுரையை முதலில் நான் இலக்கணச் சுத்தமான வரையறைகளோடுதான் எழுதியிருந்தேன். வாடிக்கையாளர் உதவிப் பிரிவினரோ, கடைக்காரர்கள் தொலைபேசியில் கேட்பது வேறு என்றார்கள்: “சரக்கு போய்விட்டது, பணம் இன்னும் வரவில்லை, இதை வருமானமாக எழுதலாமா, கூடாதா?” அந்தக் கேள்வியையே கட்டுரையின் முதல் வரியாக வைத்து, விற்பனை நடந்த நாளிலேயே பதிவு செய்யும் முறையில் அது வருமானம், பணம் கைக்கு வரும்போது மட்டும் பதிவு செய்யும் முறையில் இன்னும் இல்லை என்று இரண்டே பத்தியில் விளக்கும்படி திருத்தச் சொன்னவர் தாங்கள். எழுத உட்காரும் முன் வாசகரின் கேள்வியைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்ற பழக்கம் எனக்கு அன்று வந்தது. அதற்காகத் தங்களுக்கு நன்றி.

ஒப்படைப்பைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. எழுத்தாளர் விலகும்போது கட்டுரைகள் அப்படியே இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவற்றைத் தாங்கி நிற்கும் கணக்குகளையும் அனுமதிகளையும் யாரும் கவனிப்பதில்லை. முதலாவதாக, வேர்டுபிரஸில் எனது பயனர் கணக்கை நீக்கும்போது, அதன் கீழுள்ள கட்டுரைகளை என்ன செய்வது என்று திரையில் கேட்கப்படும். அங்கே Delete all content என்பதைத் தெரிவு செய்துவிட்டால் என் பெயரில் வெளியான கட்டுரைகளும் சேர்ந்து போய்விடும். எனவே தொழில்நுட்பப் பிரிவினர் Attribute all content to என்பதைத் தெரிவு செய்து, ஆசிரியர் குழுவின் பொதுக் கணக்குக்கு அவற்றை மாற்றிவிட வேண்டும். கணக்கை நீக்காமல் அதன் அனுமதியை மட்டும் குறைத்து வைப்பது இன்னும் பாதுகாப்பானது என்பது என் கருத்து. அடுத்து, கூகுள் சர்ச் கன்சோல், செய்திமடல் மென்பொருள் ஆகிய இரண்டுக்குமான இரட்டைச் சரிபார்ப்பு இப்போது என் கைபேசியோடு இணைந்திருக்கிறது. தாங்கள் குறிப்பிடும் நபரின் கைபேசிக்கு இதை முதல் வாரத்திலேயே மாற்றித் தருகிறேன். கடைசி நாள்வரை தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வரைவுகள் அனைத்தும் துறையின் பொதுக் கோப்புறையில் உள்ளன. என் பெயரில் உருவான ஆவணங்களின் உரிமையையும் துறைக் கணக்குக்கு மாற்றிவிடுவேன். டிசம்பர் மாதத்துக்கான கட்டுரைகளை எழுதி, உண்மை சரிபார்ப்பை முடித்து, வெளியீட்டு நாள் குறித்து ஒப்படைப்பேன். ஜனவரிக்குத் திட்டமிட்டவற்றில் பேட்டிகள் முடிந்திருப்பவற்றுக்கு மட்டும் குறிப்புகளையும் ஒலிப்பதிவுகளையும், பேட்டி அளித்தவர்கள் மின்னஞ்சலில் தந்த ஒப்புதலையும் சேர்த்து வைக்கிறேன். படங்களின் உரிம விவரங்கள் தனி அட்டவணையில் உள்ளன.

புதிதாக வருபவருக்காக ஓர் ஆலோசனையையும் சொல்ல அனுமதியுங்கள். அவரிடம் முதல் மாதமே புதிய கட்டுரைகளைக் கேட்காமல், மென்பொருளின் பழைய திரைகளைக் காட்டும் விளக்கக் கட்டுரைகளைத் திருத்தும் வேலையைக் கொடுப்பது நல்லது. அதிகமான வாசகர்கள் தேடுபொறி வழியாக வந்து சேர்வது அக்கட்டுரைகளுக்குத்தான்; பொத்தான் இருக்குமிடம் மாறிய பிறகும் பழைய படமே இருந்தால் அவர்கள் நேராக உதவிப் பிரிவைத்தான் அழைப்பார்கள். மென்பொருளைக் கற்றுக்கொள்ளவும் அவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. திருத்தும்போது முகவரியை மாற்ற நேர்ந்தால், பழைய முகவரியிலிருந்து 301 ரீடைரக்ட் வைக்க மறக்கக் கூடாது என்பதை ஒப்படைப்புக் குறிப்பிலும் எழுதியிருக்கிறேன்.

பணிக்காலத்தில் நான் எழுதியவற்றின் பதிப்புரிமை, ஒப்பந்தத்தின்படி நிறுவனத்துக்கே உரியது. என் பெயரோடு வெளியான கட்டுரைகளின் இணைப்புகளை மட்டும் எனது படைப்புத் தொகுப்பில் காட்டிக்கொள்ளத் தங்கள் எழுத்துப்பூர்வ அனுமதியை வேண்டுகிறேன். நிறுவனர் பெயரில் வெளியான கட்டுரைகளை அத்தொகுப்பில் சேர்க்கவோ, அவற்றை எழுதியது நான் என்று வெளியில் சொல்லவோ மாட்டேன். வெளியிடப்படாத வாசகர் தரவுகளும் தயாரிப்புத் திட்டங்களும் என்னிடம் நகலாக இருக்காது. இரகசியக் காப்பு விதி விலகலுக்குப் பிறகும் என்னைக் கட்டுப்படுத்தும் என்பதை அறிவேன்.

விலகிய பிறகும் அவ்வப்போது எழுதித் தர இயலுமா என்று தாங்கள் கேட்கக்கூடும். மகிழ்ச்சியோடு எழுதுவேன்; ஆனால் அது இந்தப் பணியின் நீட்சியாக இல்லாமல், கட்டுரைக்கான ஊதியம், திருத்தங்களின் எல்லை, கெடு ஆகியவற்றைக் குறிப்பிடும் தனி ஒப்பந்தமாக இருக்க வேண்டும். அதைப் பற்றிய பேச்சை விடுவிப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். முன்னறிவிப்புக் காலத்தில் இரண்டையும் கலப்பது இரு தரப்புக்கும் சங்கடம்.

மீதமுள்ள ஈட்டிய விடுப்பை இந்த 30 நாட்களுக்குள் எடுக்க எண்ணவில்லை; அதை விதிகளின்படி இறுதிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமாறு மனிதவளத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். மடிக்கணினியையும் அடையாள அட்டையையும் கடைசி நாளன்று ஒப்படைப்பேன். பணி விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றிதழும் அன்றே கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

இக்கடிதத்தைப் பெற்றுக்கொண்டதையும் விடுவிப்பு நாளையும் மின்னஞ்சலில் உறுதிப்படுத்தி, ஒப்படைப்பைப் பெற்றுக்கொள்ளப்போகிறவர் யார் என்பதை இந்த வாரத்துக்குள் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உள்ளடக்க எழுத்தாளர்,
நிறுவன வலைப்பதிவுப் பிரிவு.