உலோகச் சோர்வு ஆய்வில் முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நோக்க அறிக்கை

சேர்க்கைக் குழுவினருக்கு வணக்கம்.

மண் அள்ளும் கனரக இயந்திரங்களைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். முதல் ஐந்து ஆண்டுகள் வடிவமைப்புப் பிரிவில் இருந்தேன். அதன்பின் சோதனைப் பிரிவுக்கு மாறி, இப்போது ஆறு பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். வேலை நிலையானது, சம்பளம் போதுமானது, மேலதிகாரிகளோடு மனக்கசப்பு எதுவும் இல்லை. இந்த வேலையை விட்டுவிட்டு, பற்றவைத்த இணைப்புகளில் சுமைகள் வந்து சேரும் வரிசை அவற்றின் ஆயுளை எப்படி மாற்றுகிறது என்ற கேள்வியை முழுநேர ஆய்வாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். முப்பத்தைந்து வயதில், குடும்பப் பொறுப்புகளோடு இருக்கும் ஒருவர் இப்படி முடிவெடுக்கும்போது, ஏன் என்று குழுவினர் கேட்பது நியாயமே. அதற்கு என்னால் இயன்றவரை நேர்மையாகப் பதில் சொல்ல முயல்கிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், எங்கள் இயந்திரம் ஒன்றின் தூக்கும் கை, எதிர்பார்த்த ஆயுளில் பாதியைக்கூட எட்டாமல் முறிந்து வந்தது. முறிந்த பகுதியை வெட்டி எடுத்து மேசைமீது வைத்து உருப்பெருக்கியில் பார்த்தேன். வெல்டின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தின் வடிவில் ஒரு கருத்த பகுதி இருந்தது. அதற்குள், அலை பின்வாங்கிய மணலில் தெரியும் தடங்களைப் போல, ஒன்றன்பின் ஒன்றாக வளைந்த கோடுகள். அந்தக் கருமையைத் தாண்டி, கடைசி நொடியில் ஒரேயடியாக முறிந்த இடம் மட்டும் சொரசொரப்பாக மினுங்கியது. விரிசல் தொடங்கிய புள்ளிக்கு அருகில் கோடுகள் எண்ணவே முடியாத அளவுக்கு நெருங்கியிருந்தன. அந்தக் கையின் உழைப்புக் காலத்தில் பெரும்பகுதி முதல் இரண்டு மில்லிமீட்டருக்குள்ளேயே கழிந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

இதே வடிவமைப்பில், இதே எஃகில், இதே வெல்டிங் முறையில் செய்யப்பட்ட இன்னொரு இயந்திரம் அப்போது வேறொரு பணியிடத்தில் விரிசல் ஏதுமின்றி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டிலும் ஸ்ட்ரெயின் கேஜ் பொருத்திப் பதிவு செய்த சுமைகள் எங்களிடம் இருந்தன. வழக்கமான கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, முறிந்த கையில் சேர்ந்திருந்த சேதம் 0.38 மட்டுமே, முறியாத கையிலோ அது 0.8-ஐத் தாண்டியிருந்தது. எண்ணிக்கையில் கிடைக்காத விளக்கம் நாட்குறிப்பில் கிடைத்தது. முறியாத இயந்திரம் தன் மிகக் கடுமையான சுமைகளை வேலைக்கு வந்த முதல் சில வாரங்களிலேயே சந்தித்திருந்தது. முறிந்த இயந்திரத்துக்கு அவை கடைசிக் காலத்தில்தான் வந்தன. (இந்த எண்களை, இயந்திரத்தின் மாதிரியைக் குறிப்பிடாமல் இங்கே பயன்படுத்த நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி பெற்றிருக்கிறேன்.)

நாங்கள் போட்ட அந்த வழக்கமான கணக்கு, 1924-இல் பால்ம்கிரெனும் 1945-இல் மைனரும் தந்த நேர்கோட்டு விதி. ஒவ்வொரு தகைவு வீச்சிலும் நிகழ்ந்த சுழற்சிகளை, அந்த வீச்சில் தாங்கக்கூடிய மொத்தச் சுழற்சிகளால் வகுத்துக் கூட்டினால், Σ nᵢ/Nᵢ = 1 ஆகும்போது உறுப்பு முறியும் என்கிறது அது. கூட்டலில் எது முன், எது பின் என்பதற்கு இடமில்லை. அதற்கு முன்பே, சுமைப் பதிவிலிருந்து சுழற்சிகளைப் பிரித்தெடுக்க நாம் பயன்படுத்தும் ரெயின்ஃப்ளோ முறையும் (1968-இல் மாட்சுயிஷி, எண்டோ ஆகியோர் முன்வைத்தது) சுழற்சிகளின் அளவை வைத்துக்கொண்டு அவற்றின் வரிசையைக் கைவிட்டுவிடுகிறது. ஆகவே வரிசைக்கு விளைவு உண்டு என்றாலும், அது நம் கணக்குக்குள் நுழையும் முன்பே வடிகட்டப்பட்டுவிடுகிறது. இந்தக் குறை தெரியாத ஒன்றல்ல. மாறும் சுமைக்கு உள்ளாகும் பற்றவைப்புகளுக்கு, 1-க்குப் பதில் 0.5 என்ற கூட்டுத்தொகையைக் கொள்ளுமாறு சர்வதேச வெல்டிங் நிறுவனத்தின் பரிந்துரைகளே சொல்கின்றன. பாதுகாப்புக்கு அது சரியான அறிவுரைதான். ஆனால் 0.38-இல் முறிந்த கைக்கு அந்த 0.5-உம் போதவில்லை, 0.8-ஐத் தாண்டியும் உழைத்த கைக்கு அது தேவையே படவில்லை.

என் நிறுவனம் அப்போது எடுத்த நடவடிக்கை முற்றிலும் பொறுப்பானது. தகட்டின் தடிமனை 16 மில்லிமீட்டரிலிருந்து 20-ஆக உயர்த்தினோம், வெல்டின் ஓரத்தை அரைத்து வழவழப்பாக்கினோம், முறிவுகள் நின்றன, கோப்பு மூடப்பட்டது. அந்தப் பரிந்துரையில் கையெழுத்திட்டவன் நான். இன்றும் அதையே செய்வேன். ஆயினும் அந்த இரண்டு கைகளும் ஏன் வேறுவிதமாக நடந்துகொண்டன என்ற கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை. பதிலே தேவைப்படாமல் சிக்கல் தீர்ந்துவிட்டதுதான் காரணம். தொழிற்சாலையில் ஒரு கேள்விக்கு ஒதுக்கப்படும் காலம், உறுப்பு முறிவது நிற்கும் வரைதான். அதன்பின்னும் நான் ஒருவன் கூடுதலாகக் கொஞ்சம் எஃகைப் போட்டு அறியாமையை ஈடுசெய்துவிட்டோம் என்பதை மறக்க முடியாமல் இருந்தேன்.

அடுத்த ஆண்டு, மேலாளரின் அனுமதியோடு, வேலை நேரம் முடிந்தபின் சோதனை இயந்திரத்தைப் பயன்படுத்தி ஒரு சிறிய முயற்சி செய்தேன். குறுக்குத் தகடு பற்றவைத்த பதினான்கு மாதிரிகள். ஏழுக்குப் பெரிய சுமைகள் முதலில், ஏழுக்கு அவை இறுதியில். விநாடிக்கு 20 சுழற்சி வேகத்தில் பத்து லட்சம் சுழற்சிகள் முடியவே ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும் என்பதால், ஒவ்வொரு மாதிரியும் ஓர் இரவை எடுத்துக்கொண்டது. பெரிய சுமையை முதலில் சந்தித்தவை சராசரியாக 1.7 மடங்கு நீடித்தன. வழவழப்பான, பற்றவைப்பில்லாத மாதிரிகளில் பெரும்பாலும் இதற்கு நேரெதிரான போக்கே காணப்படுகிறது என்று பாடநூல்கள் சொல்வதால், இந்த முடிவு என்னை உலுக்கிவிட்டது. முதல் வரிசையில் ஒரு மாதிரி மட்டும் மற்ற ஆறுக்கும் மாறாக வெகு சீக்கிரம் உடைந்தது; அதன் காரணத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மீண்டும் செய்து பார்க்க நினைத்தபோது இயந்திரம் வேறு திட்டத்துக்குப் போய்விட்டது. பதினான்கு மாதிரிகளை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது என்பதை அறிவேன். ஆனால் கேட்கத்தக்க கேள்வி இங்கே இருக்கிறது என்று நம்ப அவை போதுமானவை.

என் கருதுகோள் இது. வெல்ட் குளிர்ந்து சுருங்கும்போது அதன் ஓரத்தில் உருவாகும் எச்சத் தகைவு, எஃகின் நெகிழ்வு எல்லைக்கு நெருங்கிய இழுவிசையாக இருக்கக்கூடும். முதலில் வரும் ஒரு பெரிய இழுசுமை அந்தச் சிறு பகுதியை மட்டும் நெகிழச் செய்து, சுமை நீங்கியதும் எச்சத் தகைவைக் குறைத்துவிடுகிறது. பின்னர் வரும் ஆயிரமாயிரம் சிறிய சுமைகளின் தீமை அதனால் தணிகிறது. விரிசல் தோன்றியபின் வரும் பெரிய சுமையோ வேறு வழியில், 1970-இல் எல்பர் காட்டிய விரிசல் மூடல் உள்ளிட்ட வழிகளில், வேலை செய்கிறது. இந்த இரண்டு விளைவுகளையும் பிரித்தறிய வேண்டும். முதல் ஓராண்டில், சுமை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் வெல்ட் ஓரத்தின் எச்சத் தகைவை எக்ஸ்-கதிர் டிஃப்ராக்‌ஷன் முறையில் அளக்க விரும்புகிறேன். அந்தக் கதிர் எஃகின் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே அதிகம் புகாது என்பதால், மேற்பரப்பை மெல்ல மெல்ல அரித்து எடுத்து ஆழத்துக்கும் அளக்க வேண்டியிருக்கும். தேர்ந்தெடுத்த சில மாதிரிகளுக்கு நியூட்ரான் டிஃப்ராக்‌ஷன் அளவீட்டு நேரத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அடுத்து, முதல் இரண்டு மில்லிமீட்டர் விரிசல் வளர்ச்சியை வரிசை மாற்றி மாற்றிப் பதிவு செய்ய வேண்டும். இறுதியில், இன்றைய கூட்டல் விதியோடு எச்சத் தகைவின் நிலையைக் குறிக்கும் ஒரே ஒரு மாறியைச் சேர்த்தால் கணிப்பு எவ்வளவு மேம்படும் என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கு மேல் சேர்த்தால் எந்த வடிவமைப்புப் பொறியாளரும் அதைப் பயன்படுத்த மாட்டார். பதினோரு ஆண்டு அனுபவத்தில் எனக்கு இது உறுதியாகத் தெரியும்.

பகுதிநேரமாக இதைச் செய்ய முடியாதா என்று என் மேலாளரே கேட்டார். ஓராண்டு அதைப் பற்றி யோசித்தேன். இரவில் ஓடும் சோதனையை யாரோ ஒருவர் காலையில் வந்து நிறுத்துகிறார், மாதிரி எந்த இடத்தில் உடைந்தது என்பதை நான் மாலையில்தான் பார்க்கிறேன் என்ற நிலையில் இந்த வேலை நடக்காது. மேலும், நிறுவனத்தின் சுமைப் பதிவுகள் அவர்களுடையவை. அவற்றை நான் எடுத்து வரமாட்டேன். எல்லோரும் சரிபார்க்கக்கூடிய, வெளியிடத்தக்க தரவு வேண்டுமென்றால் அதைப் புதிதாகவே உருவாக்கியாக வேண்டும்.

இனி சம்பளம். ஆய்வு உதவித்தொகை என் இப்போதைய ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த வேறுபாட்டை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் என் மனைவியும் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பேசி முடிவெடுத்து, வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தோம். பதினெட்டு மாதச் செலவுக்குப் போதுமான தொகையைத் தனியே ஒதுக்கினோம். கடந்த ஓராண்டாக அவருடைய ஊதியத்தையும் உதவித்தொகைக்குச் சமமான ஒரு தொகையையும் மட்டுமே கொண்டு குடும்பம் நடத்திப் பார்த்தோம். சிரமம் இருந்தது, ஆனால் நடத்த முடிந்தது. இடையில் பணத்துக்காக நான் விலக நேரும் என்ற ஐயம் குழுவினருக்கு இருந்தால், அந்த ஐயத்தை நாங்கள் எங்களிடமே முதலில் எழுப்பி, பன்னிரண்டு மாதக் கணக்குப் புத்தகத்தில் சோதித்திருக்கிறோம்.

பட்டம் பெற்றபின் ஊதியம் உயரும் என்ற எதிர்பார்ப்பில் நான் வரவில்லை; பதவி உயர்வுகளைக் கணக்கில் எடுத்தால் இழப்பு முழுதாக ஈடாகாமலும் போகலாம். இந்தக் கேள்வியோடு நாள் முழுவதும் இருக்கும் நான்கு ஆண்டுகளை நான் இப்போது எடுத்துக்கொள்ளாவிட்டால், என் குழு இன்னும் பல தகடுகளைத் தடிமனாக்கும், நானும் ஒவ்வொரு முறையும் கையெழுத்திடுவேன். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் இருப்பது புரிதலாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் குறைகளையும் சொல்ல வேண்டும். கல்லூரியை விட்டு வந்து நீண்ட காலமாகிவிட்டதால் கணிதம் துருப்பிடித்திருந்தது. கடந்த பதினெட்டு மாதங்களாக மீள்மைக் கோட்பாட்டையும் முறிவு இயக்கவியலையும் பயிற்சிக் கணக்குகளோடு மீண்டும் படித்து வருகிறேன். நெகிழ்வுக் கோட்பாட்டில் இன்னும் வகுப்பறையில் அமர்ந்து கற்க வேண்டியது நிறைய உண்டு. ஆய்விதழ்களில் கட்டுரை எதுவும் வெளியிட்டதில்லை. அதே வேளையில், பழுதான சுமை உணரியையும் சறுக்கும் பிடிப்பானையும் சோதனை வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காண்பேன். வெல்டர்களோடு அமர்ந்து, ஒரே சீரான நாற்பது மாதிரிகளைப் பெறுவது எப்படி என்றும் தெரியும்.

என் அறிவிப்புக் காலம் மூன்று மாதங்கள். எனக்கு அடுத்துப் பொறுப்பேற்கவிருக்கும் சக பொறியாளருக்குச் சோதனைகளை ஒப்படைக்கும் பணியை மேலாளரின் ஒப்புதலோடு ஏற்கெனவே தொடங்கிவிட்டேன். இடம் கிடைத்தால், முதல் பருவத்தின் முதல் நாளே ஆய்வகத்தில் இருப்பேன். பதினான்கு மாதிரிகளின் முறிந்த துண்டுகளையும், காரணம் தெரியாமல் சீக்கிரம் உடைந்த அந்த ஒன்றையும் சேர்த்து, எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவற்றை எடுத்து வர நிறுவனம் அனுமதித்திருக்கிறது.