வளவில் ஒரு கேள்வி

கானாடுகாத்தான் வீட்டு வளவில் மழை சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, கையில் சிக்கின பீமனைக் கர்ணன் ஏன் கொல்லாம விட்டுட்டான்?"

"குந்திக்குக் கொடுத்த வாக்குடா. அர்ஜுனனைத் தவிர மற்ற நாலு பேரையும் கொல்ல மாட்டேன்னு."

"ஆற்றில் விட்ட அம்மாவுக்கு வாக்கு எதுக்கு?"

ஐயா வெற்றிலையை மடித்தார். "நாடும் பட்டமும் துரியோதனன் கொடுத்தது. கவச குண்டலத்தை இந்திரன் வாங்கிட்டுப் போயிட்டான். அவனுதுன்னு மிச்சம் இருந்தது சொல் மட்டும்தான்."

"அப்போ துரியோதனனுக்கு அது துரோகமில்லையா?"

ஐயா கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தார்.

"நானும் என் ஐயாகிட்ட இதைத்தான் கேட்டேன். பர்மா போய் வந்து சொல்றேன்னார்."

"வந்து சொன்னாரா?"

"ஆயா பணியாரம் சுடுறா. போய் நாலு வாங்கிட்டு வா."