கும்பகோணம் வீட்டுப் பொருள்களின் விவரப் பட்டியல்

அண்ணனுக்கும் அக்காவுக்கும்,

அம்மா 09.02.2025 அன்று வீட்டைச் சுற்றி நடந்துகொண்டே பேசி அனுப்பிய 41 நிமிடக் குரல்பதிவைக் கேட்டு இந்தப் பட்டியலை எழுதியிருக்கிறேன். சித்திரையில் அம்மா கோயம்புத்தூருக்கு அக்கா வீட்டுக்குக் குடிபெயர்வதற்கும், முன்கட்டு வாடகைக்கு விடப்படுவதற்கும் முன்பாக, வீட்டில் என்னென்ன இருக்கின்றன என்பதை மூவரும் ஒரே தாளில் காண வேண்டும் என்பதே இதன் நோக்கம். எது யாருக்கு என்று பிரிப்பது இதன் வேலையன்று.

அம்மா ஓர் அறையில் நின்றுகொண்டு வேறோர் அறையின் பொருளைப் பற்றிச் சொன்ன இடங்களில், பொருள் இருக்கும் அறையின் கீழேயே அதை எழுதியுள்ளேன். சந்தேகம் எழுந்தவற்றைத் தொலைபேசியில் அம்மாவிடம் கேட்டுத் திருத்தினேன். ஒரு பொருளைப் பற்றி அம்மா தம் விருப்பத்தைச் சொல்லியிருந்தால், அச்சொற்களை மாற்றாமல் மேற்கோளில் கொடுத்துள்ளேன். பொருளின் கணக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அந்தச் சொற்களும் என்று கருதுகிறேன். நகைகளும் வீட்டுப் பத்திரங்களும் வங்கிப் புத்தகங்களும் கைபேசி வழியே சுற்றக்கூடிய தாளில் இடம்பெறக் கூடாது என்பதால் அவற்றை முழுவதுமாக விட்டுவிட்டேன்.

திண்ணையும் ரேழியும்

1. மடக்கு நாற்காலி, இரும்பு, இரண்டு. ஒன்றின் இருக்கை துருப்பிடித்துள்ளது.

2. அப்பாவின் சாய்வு நாற்காலி, தேக்கு, ஒன்று. கட்டை உறுதியாக உள்ளது. துணி மட்டும் கிழிந்துள்ளது.

3. இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியும் ரேழி மூலையில் உள்ளன. பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றிப் பல மாதங்கள் ஆகிவிட்டதாக அம்மா சொல்கிறார். வாடகைக்கு வருவோருக்கு விட்டுச்செல்வதானால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

கூடம்

4. ஊஞ்சல் பலகை, தேக்கு, ஒன்று. பித்தளைச் சங்கிலி நான்கு. சங்கிலியின் ஒரு கண்ணி மாற்றப்பட்டு இரும்பாக உள்ளது. அம்மாவின் சொற்கள்: "ஊஞ்சல கழட்ட வேணாம்டா, இந்த வீட்டோடயே இருக்கட்டும்."

5. தஞ்சாவூர் ஓவியம், தவழும் கண்ணன், ஒன்று. சட்டத்தின் கண்ணாடியில் கீழ் வலப்பக்கம் கீறல் உண்டு; தங்கத் தகடு ஒட்டிய பகுதிகள் பழுதின்றி உள்ளன. வண்டியில் ஏற்றாமல் கையோடு எடுத்துச்செல்ல வேண்டிய பொருள் இது.

6. சுவர்க்கடிகாரம், சாவி கொடுப்பது, ஒன்று. ஓடவில்லை.

7. 32 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று, மர அலமாரி ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலி ஆறு. இவற்றைப் பற்றி அம்மா வேறொன்றும் சொல்லவில்லை.

பூஜை அறை

8. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, பித்தளை, மூன்றடி உயரம், ஒரு ஜோடி. அடி, தண்டு, அகல், கொண்டை எனத் தனித்தனியே திருகிக் கழற்றத்தக்கவை. ஒன்றின் கொண்டை ஆடுகிறது. மரை தேய்ந்திருக்கலாம் என்பது என் ஊகம். "இது என் கல்யாணச் சீர்ல வந்தது. ஜோடியப் பிரிக்கக் கூடாது" என்று அம்மா 14ஆம் நிமிடத்தில் சொல்கிறார், அதையே மீண்டும் கொல்லையில் நின்றும் சொல்கிறார்.

9. காமாட்சி விளக்கு, வெள்ளி, ஒன்று. அம்மா தம்முடன் எடுத்துச்செல்வார்.

10. பித்தளை மணி, தூபக்கால், பஞ்சபாத்திரம் உத்தரணியுடன், தலா ஒன்று.

சமையலறை

குரல்பதிவில் பாதிக்கு மேல் இந்த அறையிலேயே கழிகிறது. அம்மா ஒவ்வொரு பாத்திரத்தையும் தட்டிக் காட்டிப் பேசியதால் உலோகத்தை அடையாளம் காண்பது எளிதாயிற்று.

11. வெண்கலப் பானை, பொங்கல் வைப்பது, இரண்டு. பெரியதன் விளிம்பில் சிறு விரிசல் உள்ளது; தட்டும்போது அதன் ஓசை மங்கியிருப்பது பதிவிலேயே கேட்கிறது. அக்கா எடுத்துக்கொள்வதானால் அடுப்பில் ஏற்றுமுன் பாத்திரக்காரரிடம் காட்டவும்.

12. ஈயச் சொம்பு, ரசம் வைப்பது, ஒன்று. வெள்ளீயத்தாலானது, அந்த உலோகம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால், உள்ளே நீரில்லாமல் அடுப்பில் ஏற்றக் கூடாது. அழுத்தினால் நசுங்கும், ஆகவே துணி சுற்றித் தனியே வைக்க வேண்டும். "இது சின்னவனுக்கு, அவன்தான் ரசம் கேப்பான்" என்பது அம்மாவின் சொல். என்னைப் பற்றியது என்றாலும், மற்ற மேற்கோள்களைப் போலவே இதையும் நீங்கள் இருவரும் ஒப்புக்கொண்ட பின்பே செல்லும் என்று கொள்ளுங்கள்.

13. பித்தளை அண்டா, மூன்று. சமையலறையில் "அண்டா மூணு" என்றும், பின்னர் பரணைக் காட்டி "அந்த ரெண்டு அண்டா" என்றும் அம்மா சொன்னதால் ஐந்தாகத் தோன்றியது. கேட்டபோது மொத்தமே மூன்றுதான், அவற்றில் இரண்டு பரணில் உள்ளன என்று தெளிவாயிற்று. மூன்றிலும் உட்புற ஈயப் பூச்சு தேய்ந்துவிட்டது. மீண்டும் பூசும்வரை புளி சேர்ந்த எதையும் அவற்றில் சமைக்கக் கூடாது.

14. கல்சட்டி, மூடியுடன், ஒன்று. பழகிய சட்டி, பழுதில்லை.

15. அஞ்சறைப் பெட்டி, மரம், ஒன்று. இழுப்பு மூடி இறுகியிருக்கிறது.

16. அரிவாள்மனை, தேங்காய்த் துருவியோடு, ஒன்று. இடியாப்ப நாழி, பித்தளை, ஒன்று.

17. தேன்குழல் அச்சு ஐந்தில் மூன்றே உள்ளன. மற்ற இரண்டும் அடுத்த வீட்டாருக்குக் கொடுத்து வைத்தவை. அம்மா ஊருக்குக் கிளம்புமுன் கேட்டு வாங்குவார்.

18. வெட் கிரைண்டர் இரண்டு லிட்டர், மிக்ஸி, 190 லிட்டர் ஃபிரிட்ஜ், இரண்டு பர்னர் அடுப்பு, தலா ஒன்று. அனைத்தும் இயங்குகின்றன.

19. எரிவாயு சிலிண்டர், 14.2 கிலோ, இரண்டு. முன்பணத்தின்மேல் நிறுவனம் தந்திருப்பவை ஆதலால் இவை நம் பொருள்களாகக் கணக்கில் சேரா. இணைப்பைக் கோயம்புத்தூருக்கு மாற்றவோ ஒப்படைக்கவோ அண்ணன் முகவரிடம் பேச வேண்டும். இணைப்புப் புத்தகம் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் உள்ளது.

படுக்கை அறை

20. இரும்பு பீரோ, ஒன்று. சாவி அம்மாவிடம் உள்ளது. உள்ளே உள்ளவை பட்டியலில் இல்லை.

21. தேக்குக் கட்டில் ஒன்று, இலவம்பஞ்சு மெத்தை இரண்டு, தலையணை ஐந்து. மெத்தைகளைப் பிரித்து அடிக்க வேண்டும்.

22. பத்தமடைப் பாய், ஒன்று. சுருட்டியே வைத்திருந்ததால் புதியதுபோல் உள்ளது.

பரண்

அம்மா ஏணியில் ஏறவில்லை. ஏற வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன். ஆகவே இந்தப் பகுதி முழுவதும் அம்மாவின் நினைவிலிருந்து சொன்னது. கண்ணால் பார்த்துச் சரிபார்க்கப்பட்டதன்று.

23. கொலு பொம்மைகள், இரண்டு டிரங்குப் பெட்டிகளில். "நூத்துக்கு மேல இருக்கும்" என்பதைத் தவிர எண்ணிக்கை இல்லை. பெயர் சொல்லிக் குறிப்பிட்டவை: மரப்பாச்சி ஒரு ஜோடி, தசாவதாரம் ஒரு வரிசை, செட்டியாரும் மனைவியும், தலையாட்டிப் பொம்மை ஒன்று. தசாவதாரத்தில் கூர்மம் உடைந்துவிட்டதாகச் சொல்கிறார்.

24. கொலுப்படிப் பலகைகள், ஏழு.

கொல்லை

25. அம்மியும் குழவியும், ஆட்டுக்கல்லும் குழவியும், உரலும் உலக்கையும், தலா ஒன்று. உலக்கையின் இரும்புப் பூண் கழன்றுள்ளது. ஆட்டுக்கல் தரையில் பதிக்கப்பட்டது. எடுப்பதானால் தளத்தைப் பெயர்க்க வேண்டியிருக்கும் என்பதால் வீட்டோடு விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

26. செம்புத் தவலை, வெந்நீர் போடுவது, ஒன்று. வெளியே கரியேறியுள்ளது, ஓட்டையில்லை.

27. அரை குதிரைத்திறன் மோட்டார், ஒன்று. கிணற்றோடு இருக்க வேண்டியது.

திருத்தம் எதுவும் இருந்தால், பொருளின் எண்ணைக் குறிப்பிட்டு மார்ச் 10க்குள் எனக்கு எழுதியனுப்புங்கள். அதன்பின் திருத்திய பிரதியை அம்மாவுக்குத் தொலைபேசியில் முழுவதும் படித்துக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகே மூவரும் கையெழுத்திடலாம். அக்கா அடுத்து கும்பகோணம் செல்லும்போது, ஏணியைப் பிடிக்க ஒருவரை வைத்துக்கொண்டு, 23ஆம் எண்ணின் இரண்டு பெட்டிகளையும் கீழே இறக்கி எண்ணிவிட வேண்டும்.