பல்லடம் அருகே கட்டப்படும் வீட்டின் அலுமினிய நகர்வு ஜன்னல்கள்: கண்ணாடிப் பரப்பு, வெட்டளவு, சிலிக்கான் தேவை

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் வீட்டின் ஐந்து ஜன்னல்களுக்கும் சுவர்ப் பூச்சு முடிந்த பின் எடுத்த அளவுகளைக் கொண்டு இந்தக் கணக்கு எழுதப்பட்டுள்ளது. கூடத்தின் மேற்குச் சுவரில் 1500 × 1200 மி.மீ. திறப்பு இரண்டும், படுக்கையறைகளில் 1200 × 1200 மி.மீ. திறப்பு இரண்டும், சமையலறை மேடைக்கு மேல் 1200 × 900 மி.மீ. திறப்பு ஒன்றும் உள்ளன. ஒவ்வொரு திறப்பிலும் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடங்களிலும் அளந்து, அவற்றுள் மிகச் சிறியதையே எடுத்துக்கொண்டோம். கூடத்தின் இரண்டாவது திறப்பு மேலே 1506, நடுவில் 1503, கீழே 1500 என்றிருப்பதால் 1500 என்பதே கணக்கில் வருகிறது.

கண்ணாடி விலையைப் பேசும்போது திறப்பின் பரப்பை வைத்துப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஐந்து திறப்புகளின் மொத்தப் பரப்பு 7.56 சதுர மீட்டர், அதாவது 81.4 சதுர அடி ஆகும். சட்டம், ஷட்டர், இரு ஷட்டர்களும் நடுவில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் இன்டர்லாக் ஆகியவை எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் உண்மையில் பதிக்கப்படும் கண்ணாடி 62.2 சதுர அடிதான். இடையிலுள்ள 19 சதுர அடிக்கு மேற்பட்ட வேறுபாடு முழுவதும் அலுமினியம் இருக்கும் இடம். அதற்குக் கண்ணாடி விலை கொடுப்பது நியாயமாகாது.

வெட்டளவு வந்த முறை பின்வருமாறு. சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே நான்கு பக்கமும் 5 மி.மீ. இடைவெளி விட்டால், கூடத்துச் சட்டத்தின் வெளியளவு 1490 × 1190 ஆகிறது. நாம் வாங்கியுள்ள மூன்று ட்ராக் செக்ஷனின் மாதிரித் துண்டுகளைச் சேர்த்து அளந்ததில், சட்ட அகலத்தில் 10 மி.மீ. கழித்துப் பாதியாக்கினால் ஷட்டர் அகலமும், சட்ட உயரத்தில் 50 மி.மீ. கழித்தால் ஷட்டர் உயரமும் கிடைக்கின்றன. ஷட்டரின் பக்கச் சட்டம் 45, இன்டர்லாக் 40, மேல் சட்டம் 45, கீழ் சட்டம் 60 மி.மீ. உள்ளன. 10 மி.மீ. ஆழமுள்ள காடிக்குள் கண்ணாடி ஒவ்வொரு பக்கமும் 7.5 மி.மீ. மட்டும் நுழையும்படி விடுவதால், ஷட்டர் அகலத்தில் 70, உயரத்தில் 90 கழித்தால் கண்ணாடியின் அளவு வந்துவிடுகிறது. வேறு செக்ஷன் வாங்கினால் இந்தக் கழிவுகள் மாறும். ஆகவே இதே எண்களை வேறொரு வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

| இடம் | ஷட்டர் (மி.மீ.) | கண்ணாடி (மி.மீ.) | எண்ணிக்கை | மூலைவிட்டம் (மி.மீ.) | பரப்பு (ச.மீ.) |
|---|---|---|---|---|---|
| கூடம் | 740 × 1140 | 670 × 1050 | 4 | 1246 | 2.814 |
| படுக்கையறைகள் | 590 × 1140 | 520 × 1050 | 4 | 1172 | 2.184 |
| சமையலறை | 590 × 840 | 520 × 750 | 2 | 913 | 0.780 |

மொத்தம் பத்துக் கண்ணாடிகள், 5.778 சதுர மீட்டர். மூன்றாவது ட்ராக்கில் ஓடும் கொசுவலை ஷட்டர்களுக்குக் கண்ணாடி இல்லை. கடையிலிருந்து வரும் ஒவ்வொரு கண்ணாடியிலும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, வேறுபாடு 2 மி.மீ.க்குள் இருந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்வோம். கோணம் பிசகிய கண்ணாடியைக் காடிக்குள் அழுத்திப் பொருத்தினால் ஷட்டரும் சேர்ந்து கோணும், ரோலர் ஒரு பக்கமாகத் தேயும்.

தடிமன் 5 மி.மீ. என்று முடிவு செய்துள்ளோம். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் எவ்வளவு வேகமாக அடிக்கும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். கூடத்தின் ஜன்னல்கள் அதற்கு நேர் எதிரே இருக்கின்றன. 5 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ எடை கொண்டது. கூடத்துக் கண்ணாடி ஒன்று ஏறக்குறைய 8.8 கிலோ வரும். அலுமினியச் சட்டத்தின் எடையையும் சேர்த்துத் தாங்கும் ரோலர்களையே போட வேண்டும் என்பதால், ரோலரில் மட்டும் விலை குறைந்ததைத் தேட மாட்டோம்.

வெட்டும் வகையைப் பொறுத்தவரை, 8 × 6 அடித் தாள் (2440 × 1830) ஒன்றும், 6 × 4 அடித் தாள் (1830 × 1220) ஒன்றும் போதும். பெரிய தாளை முதலில் அகலவாக்கில் 1050 மி.மீ.யில் ஒரே கோடாக வெட்டிப் பிரிக்க வேண்டும். அந்தப் பட்டையில் 670, 670, 520, 520 என நான்கு கண்ணாடிகள் கிடைத்து 60 மி.மீ. மட்டுமே மிஞ்சும். மீதமுள்ள 780 மி.மீ. பட்டையில் சமையலறையின் இரண்டு கண்ணாடிகளும், படுக்கவைத்து வெட்டிய 1050 × 670 ஒன்றும் வந்துவிடும். சிறிய தாளில் எஞ்சிய 670 ஒன்றும் 520 இரண்டும் பக்கம் பக்கமாக 1710 மி.மீ.க்குள் அடங்கும். கண்ணாடியைப் படுக்கவைத்து வெட்டுவது வெற்றுக் கண்ணாடிக்கு மட்டுமே பொருந்தும். பூ வேலைக் கண்ணாடி என்றால் பூவின் திசை மாறிவிடும். டஃபன்ட் கண்ணாடியைச் சூடேற்றிய பின் வெட்டவே இயலாது; அதைத் தேர்ந்தெடுத்தால் மேலுள்ள அளவுகளை அப்படியே கொடுத்துச் செய்து வாங்க வேண்டும்.

இரு தாள்களும் சேர்ந்து 72 சதுர அடி ஆகின்றன. வெட்டிய கண்ணாடியாக வாங்கினால், ஒவ்வொரு பக்கத்தையும் அடுத்த 3 அங்குலத்துக்கு உயர்த்திப் போடுவதாகக் கடையில் ஒப்புக்கொண்ட முறைப்படி 64.75 சதுர அடிக்குப் பில் வரும். வெட்டும்போது உடைந்தால் பொறுப்பு கடையினுடையது என்பதால் இரண்டாவது வழியே நல்லது என்பது எங்கள் கருத்து. தாளாகவே வாங்க விரும்பினால் 350 × 780 துண்டு ஒன்று மிஞ்சும். குளியலறை வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளுக்கு அது உதவும்.

கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி வரும் யூ வடிவ ரப்பர் 31.4 மீட்டர் தேவை. வெட்டுச் சேதத்துடன் 33 மீட்டர் வாங்குகிறோம்.

சிலிக்கான் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் மட்டுமே வருகிறது. ஐந்து சட்டங்களின் சுற்றளவு 24.4 மீட்டர். இடைவெளியின் அகலத்தையும் நிரப்பும் ஆழத்தையும் மி.மீ.யில் பெருக்கினால் ஒரு மீட்டருக்குத் தேவையான மில்லிலிட்டர் கிடைக்கும். வெளிப்புறத்தில் 5 × 6 = 30 வீதம் 732 மி.லி., உட்புறத்தில் 5 × 5 = 25 வீதம் 610 மி.லி., ஆக 1342 மி.லி. சுவரின் மேடுபள்ளத்துக்கும் சேதத்துக்கும் 15 சதவீதமும், சட்ட மூலைகள் இருபதுக்கும் சேர்த்து 100 மி.லி.யும் கூட்டினால் 1643 மி.லி. ஆகிறது. 280 மி.லி. குழாய்கள் ஆறு வாங்க வேண்டும். மிச்சம் மிகக் குறைவு. இடைவெளி எங்கும் 8 மி.மீ. ஆகிவிட்டால் வெளிப்புறத்துக்கு மட்டுமே 1171 மி.லி. தேவைப்படும். ஆகையால், திறப்பின் ஓரங்களை நூல் பிடித்துச் சரிசெய்து தருமாறு கொத்தனாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சிமெண்ட் பூச்சின் மேல் வினிகர் வாடை வரும் சிலிக்கான் நன்றாகப் பிடிக்காது, அலுமினியத்தையும் அரிக்கக்கூடும். எனவே நியூட்ரல் வகையையே வாங்குகிறோம். சிலிக்கான் மேல் பெயிண்ட் ஒட்டாது என்பதால் வெளிச்சுவர்ப் பெயிண்ட் காய்ந்த பிறகே அதைப் போடுவோம். இடைவெளிக்குள் ஃபோம் கயிறு திணித்த பின்னரே நிரப்புவோம். இல்லையென்றால் சிலிக்கான் உள்ளே இறங்கி மேற்சொன்ன கணக்கு பொய்த்துவிடும். கீழ் ட்ராக்கில் மழைநீர் வெளியேறும் துளைகளின் மேல் சிலிக்கான் படாமல் பார்த்துக்கொள்வோம். சாரல் நீர் வழிந்தோட அவையே வழி.

இந்த அளவுகளைத் தாங்கள் ஒப்புக்கொண்டால், கண்ணாடிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஷட்டர்களைக் கோத்து, காடியிலிருந்து காடிக்கு ஒருமுறை அளந்து சரிபார்த்த பின்னரே கடைக்கு வெட்டளவைக் கொடுப்போம்.